பாட்டில் போட்டோவுல இருக்கற சிவப்பு டைமண்ட் சின்னங்களை எப்படிப் படிக்கறது: பர்மாங்கனேட் பாட்டில் ஒண்ணை வெச்சு ஒரு விளக்கம்

ஸ்கூல் லேப்ல புதுசா சேர்ந்தவங்க, இல்ல முதல் தடவை ப்ராக்டிகல் எடுக்கற டீச்சருங்க, இவங்க கையில பாட்டிலை விட பாட்டிலோட போட்டோதான் அடிக்கடி வந்து சேரும். யாரோ ஸ்டோர் ரூம்ல இருந்து போன்ல ஒண்ணு எடுத்து அனுப்பிட்டு "இதுல அஞ்சு சின்னம் இருக்கு, எங்க வைக்கறது"ன்னு கேப்பாங்க. நானும் அப்படி ஒரு போட்டோவைப் பாத்து "தீ சின்னம் இருக்கு, ஸ்பிரிட் வைக்கற அலமாரியில வெச்சிருங்க"ன்னு பதில் போட்டவன்தான். அது பொட்டாசியம் பர்மாங்கனேட். ஸ்பிரிட் பக்கத்துல வைக்கவே கூடாத ஒரு பொருளை, சரியா ஸ்பிரிட் பக்கத்துலயே வைக்கச் சொல்லிருக்கேன். சீனியர் ஒருத்தர் சாயந்திரம் அலமாரியைத் திறந்தப்ப பாத்துட்டாரு, அதனால ஒண்ணும் ஆகல. அதே பாட்டிலையே எடுத்துக்கிட்டு, ஒரு போட்டோவை எப்படிப் படிக்கணும்னு முதல்ல இருந்து சொல்றேன்.

முதல்ல போட்டோ ஒழுங்கா இருக்கான்னு பாருங்க. பாட்டில் உருண்டை, லேபிள் அதைச் சுத்தி ஒட்டிருக்கும், அதனால நேரா நின்னு எடுத்த ஒரு போட்டோவுல லேபிளோட நடுப்பகுதி மட்டும்தான் தெளிவா விழும். அஞ்சு சின்னம் இருக்கற லேபிள்ல ரெண்டு சின்னம் பின்பக்கம் வளைஞ்சு போயிருக்கும், போட்டோவுல மூணு தெரியுதுன்னு மூணுதான்னு நினைச்சுடுவோம். அதனால பாட்டிலை மேஜை மேல வெச்சுட்டு, கொஞ்சம் கொஞ்சமா திருப்பி மூணு நாலு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, ஒண்ணுல முடியற இடம் அடுத்ததுல ஆரம்பத்துல வரணும். ஃப்ளாஷ் வேண்டாம், பளபளன்னு இருக்கற லேபிள்ல ஃப்ளாஷ் விழுந்தா அந்த இடத்துல வெள்ளைப் பொட்டு மட்டும்தான் இருக்கும். பர்மாங்கனேட் பாட்டில்ல இன்னொரு தொல்லை என்னன்னா, ஈரக் கையோட எடுத்து எடுத்து லேபிள் பேப்பர் பழுப்பாக் கறை பிடிச்சிருக்கும், பேப்பரோட வினை புரிஞ்சு மாங்கனீஸ் டை ஆக்சைடு படியறதுதான் அது, கறைக்கு அடியில ஒரு எழுத்தோ நம்பரோ முழுசா மறைஞ்சுபோகும்.

அடுத்தது, போட்டோவுல இருக்கறது எந்த வகைச் சின்னம்னு பாக்கணும், இதை நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க. நாம பேசப்போறது ஜிஎச்எஸ் சின்னங்கள், கெமிக்கலோட ஆபத்தைக் காட்ட ஐ.நா. கொண்டுவந்த முறை, 2003-ல முதல் பதிப்பு வந்துச்சு. மொத்தம் ஒம்பதே ஒம்பது சின்னம்தான். முனையில நிக்கற சதுரம், வெள்ளை பின்னணி, சிவப்பு பார்டர், நடுவுல கறுப்பு உருவம். உங்க போட்டோவுல ஆரஞ்சு கலர் கட்டத்துக்குள்ள கறுப்புப் படம் இருந்தா அது ஐரோப்பாவுல முன்னாடி இருந்த பழைய முறை, அப்படின்னா பாட்டிலும் பழசு, லேபிள் சொல்ற தகவலும் பழசு. முழுக்க மஞ்சள் கலர் டைமண்ட், கீழ் முனையில 5.1-னு நம்பர் இருந்தா அது லாரியில கப்பல்ல போறதுக்கான டிரான்ஸ்போர்ட் சின்னம். பர்மாங்கனேட்டுக்கு அதுதான் வரும், ஆனா அது பெட்டி மேல இருக்கறது. வழியில ஒரு விபத்து ஆனா என்ன நடக்கும்ங்கறதை மட்டும்தான் டிரான்ஸ்போர்ட் சின்னம் சொல்லும், தினமும் தூசியை மூச்சுல இழுத்தா உடம்புக்கு என்ன ஆகும்னு சொல்லாது. பெட்டியோட போட்டோவை அனுப்பிட்டு "ஒரே ஒரு சின்னம்தான் இருக்கு"ன்னு சொன்னா, பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுங்கன்னு சொல்லணும்.

நாலு கலர்ல நாலு கட்டமா பிரிஞ்சு ஒவ்வொண்ணுலயும் நம்பர் இருக்கற டைமண்டும் சில பாட்டில்ல இருக்கும். அது தீயணைப்பு ஆளுங்களுக்கான அமெரிக்க முறை. அதுல 4-தான் ரொம்ப மோசம், 0 ஒண்ணுமில்ல. ஜிஎச்எஸ்ல கேட்டகரி நம்பர் நேர் தலைகீழ், 1-தான் ரொம்ப மோசம். இது ரெண்டையும் ஒண்ணா நினைச்சு "கேட்டகரி 1தானே, பரவால்ல"ன்னு சொன்னவங்களை நான் பாத்திருக்கேன்.

சரி, இப்ப பேரைப் படிங்க. பொட்டாசியம் பர்மாங்கனேட், KMnO4. "பர்" வளைவுல மறைஞ்சு "மாங்கனேட்" மட்டும் தெரிஞ்சா அது வேற காம்பவுண்டு, K2MnO4. அதனால பேரை விட, ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் தனித்தனியா இருக்கற சிஏஎஸ் நம்பரைப் பிடிங்க, லேபிள்ல பேருக்குக் கீழயே சின்ன எழுத்துல இருக்கும். பர்மாங்கனேட்டுக்கு 7722-64-7. மங்கலான போட்டோவுல இருந்து படிச்ச நம்பர் சரியான்னு அந்த நம்பரை வெச்சே செக் பண்ணலாம், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். கடைசி ஒத்தை இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். மீதி இலக்கங்களை வலதுல இருந்து இடதா 1, 2, 3-னு பெருக்கிக் கூட்டணும்: 4×1, 6×2, 2×3, 2×4, 7×5, 7×6, அதாவது 4+12+6+8+35+42, மொத்தம் 107. கூட்டுத்தொகையோட கடைசி இலக்கம் 7, நம்பரோட கடைசி இலக்கமும் 7, சரியா வந்துச்சு. 64-ஐ 84-னு தப்பா படிச்சிருந்தா 111 வரும், கடைசி இலக்கம் 1, அப்பவே தெரிஞ்சிடும் எங்கயோ தப்பா படிச்சிருக்கோம்னு. ஆனா எல்லா தப்பையும் இது பிடிச்சிடாது, அதனால நம்பரும் பேரும் ரெண்டும் ஒத்துப்போகணும்.

இப்ப சின்னத்துக்கு வருவோம். நான் ஏமாந்த சின்னம் இதுதான், அதனால இதுல கொஞ்சம் நேரம் நிக்கறேன். தீ உருவம் ரெண்டு சின்னத்துல வரும். ஒண்ணுல தீ ஒரு நேர்கோடு மேல எரியும், அது தீப்பிடிக்கக்கூடிய பொருள். இன்னொண்ணுல தீ ஒரு வட்டத்து மேல எரியும், வட்டம் உள்ள காலியா இருக்கும், அது ஆக்சிடைசர். சின்ன போட்டோவுல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால தீயைப் பாக்காதீங்க, தீக்குக் கீழ என்ன இருக்குன்னு பாருங்க. ஜூம் பண்ணி அடியைப் பாருங்க, தட்டையா இருக்கா உருண்டையா இருக்கா, அவ்வளவுதான் கேள்வி. அந்த வட்டத்தை ஆக்சிஜனோட "ஓ"ன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

வித்தியாசம் ஏன் இவ்ளோ முக்கியம்னா, ஆக்சிடைசர் தானா எரியாது, பக்கத்துல இருக்கறதை எரிய வைக்கும். எரியற பொருளுக்கு ஆக்சிஜனை அதுவே கொடுக்கும், காத்துக்காக நெருப்பு காத்திருக்க வேண்டியதில்ல. அதனாலதான் ஸ்பிரிட்டும் பர்மாங்கனேட்டும் ஒரே தட்டுல இருக்கக் கூடாது, ஒண்ணு எரிபொருள், இன்னொண்ணு எரிய வைக்கறது, ரெண்டு பாட்டிலும் கவுந்தா ரெண்டும் சேந்துடும். கிளிசரின் இன்னும் மோசம், பர்மாங்கனேட் தூள் மேல கிளிசரின் பட்டா தீக்குச்சியே வேண்டாம், கொஞ்ச நேரம் சும்மா இருக்கற மாதிரி இருந்துட்டு புகைய ஆரம்பிச்சு அப்புறம் தானா தீப்பிடிக்கும். கந்தகத் தூள், கரித்தூள், மெட்டல் தூள், மரத்தூள், இதெல்லாமும் இதே கணக்குதான். கான்சன்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக் ஆசிட் எரியற பொருள் இல்ல, ஆனா அதையும் தள்ளி வைங்க, திடமான பர்மாங்கனேட்டோட சேந்தா வெடிக்கற காம்பவுண்டு ஒண்ணு உருவாகும். கொட்டிப்போன தூளை டிஷ்யூவால அள்ளி பேப்பர் கூடையில போடறது நிறைய பேருக்குப் பழக்கம், அதுவும் வேண்டாம், சுத்தமான காஞ்ச பிளாஸ்டிக் முறத்துல அள்ளி தனி டப்பாவுல போடுங்க, மிச்சத்தை நிறைய தண்ணி விட்டுத் துடைங்க.

தட்டைக் கோட்டு மேல இருக்கற தீயும் ஒரே அர்த்தம் கிடையாது, இதையும் சொல்லிடறேன். எத்தனால் பாட்டில்லயும் அதே சின்னம், சோடியம் மெட்டல் பாட்டில்லயும் அதே சின்னம். எத்தனால் தீப்பொறி பட்டா எரியும். சோடியம் தண்ணி பட்டா ஹைட்ரஜனை விடும், அது தீப்பிடிக்கும். எத்தனாலை நெருப்புகிட்ட இருந்து காப்பாத்தணும், சோடியத்தை தண்ணிகிட்ட இருந்தே காப்பாத்தணும். சின்னம் ஒண்ணுதான், செய்ய வேண்டியது நேர் எதிர். ஒம்பது சின்னத்துக்குள்ள எல்லா ஆபத்தையும் அடக்கினா இப்படித்தான் ஆகும், சின்னம் என்ன குடும்பம்னு சொல்லும், யாருன்னு சொல்லாது. யாருன்னு சொல்றது கீழ வர H கோடு.

H கோடுன்னா H எழுத்தும் மூணு இலக்கமும். முதல் இலக்கம் 2-னா தீ, வெடி மாதிரி பௌதிக ஆபத்து, 3-னா உடம்புக்கு, 4-னா சுற்றுச்சூழலுக்கு. பர்மாங்கனேட்டுல H272 இருக்கும், தீயை இன்னும் தீவிரமாக்கலாம், ஆக்சிடைசர்னு அர்த்தம். எத்தனாலுக்கு H225, சோடியத்துக்கு H260. இதைப் பாத்திருந்தா அன்னிக்கு நான் அந்தத் தப்பைப் பண்ணிருக்க மாட்டேன், போட்டோவுல H272 தெளிவாவே இருந்துச்சு, நான்தான் சின்னத்தோடயே நிறுத்திட்டேன்.

அடுத்த சின்னம், ரெண்டு குழாய்ல இருந்து சொட்டுச் சொட்டா விழுந்து, ஒண்ணு கையை அரிக்குது, ஒண்ணு மெட்டல் கட்டியை அரிக்குது. அரிக்கற பொருள். இது எல்லா கம்பெனி பர்மாங்கனேட் பாட்டில்லயும் இருக்காது, சிலதுல இருக்கும், இருந்தா கூடவே H314, தோலையும் கண்ணையும் கடுமையா புண்ணாக்கும். இதுக்குப் பக்கத்துலயே ஆச்சரியக்குறி சின்னமும் இருக்கறதைப் பாத்துட்டு புதுசா வர்றவங்க கேப்பாங்க, அரிக்கும்னு பெருசா சொல்லிட்டு அப்புறம் எதுக்கு சின்னதா எரிச்சல்னு ஒண்ணு. நியாயமான கேள்விதான். விதிப்படி அரிப்புச் சின்னம் இருந்தா, தோல் எரிச்சல் கண் எரிச்சலுக்காக ஆச்சரியக்குறி போடக் கூடாது. அப்படியும் ஆச்சரியக்குறி இருக்குன்னா அது வேற ஏதோ சொல்ல வந்திருக்கு, அது என்னன்னு தேடணும். பர்மாங்கனேட்டுல அது H302, முழுங்கினா தீங்கு. அமோனியா கரைசல் பாட்டில்லயும் இதே ஜோடி வரும், ஆனா அங்க ஆச்சரியக்குறி H335-க்காக, மூச்சுப் பாதையை எரிச்சல் பண்ணும்னு. ஒண்ணுக்கு வாயைப் பாத்துக்கணும், இன்னொண்ணுக்கு மூக்கை.

கண்ணு விஷயத்துல ஒண்ணு: அரிப்புச் சின்னம் பாட்டில்ல இருந்தா சாதாரண மூக்குக்கண்ணாடி பத்தாது, பக்கமெல்லாம் மூடின காகிள்ஸ் வேணும். கண்ணுல பட்டா என்ன செய்யணும்னு லேபிள்லயே P305, P351, P338-னு பிளஸ் போட்டு ஒண்ணா எழுதிருப்பாங்க, சேத்துப் படிச்சா: தண்ணியால பல நிமிஷம் மெதுவா கழுவு, கான்டாக்ட் லென்ஸ் இருந்து சுலபமா வருதுன்னா எடுத்துடு, கழுவறதை நிறுத்தாத. P-ல ஆரம்பிக்கறதெல்லாம் நீங்க செய்ய வேண்டியது, H-ல ஆரம்பிக்கறது பொருள் செய்யப்போறது.

நெஞ்சுல நட்சத்திரம் வெடிச்ச மாதிரி இருக்கற மனுஷ உருவம், இதைப் பாத்ததும் பசங்க "கேன்சர்"னு முடிவே பண்ணிடறாங்க. கேன்சருக்கும் இந்தச் சின்னம்தான், ஆனா மூச்சு அலர்ஜிக்கும், கருவைப் பாதிக்கறதுக்கும், ரொம்ப நாள் பட்டா உறுப்பு கெட்டுப்போறதுக்கும், முழுங்கினது நுரையீரலுக்குள்ள போயிடற ஆபத்துக்கும் எல்லாத்துக்கும் இதேதான். பர்மாங்கனேட்டுல இது வர்றது H361d-க்காக, கருவுல இருக்கற குழந்தையைப் பாதிக்கலாம்னு சந்தேகம், சில பாட்டில்ல H373-யும் சேந்து வரும், திரும்பத் திரும்ப ரொம்ப நாள் உடம்புல பட்டா உறுப்புகள் பாதிக்கலாம். கேன்சருக்கு H350 இல்ல H351 இருக்கணும், இங்க ரெண்டுமே இல்ல. இதைப் படிச்சா யாருக்கு எச்சரிக்கை சொல்லணும்னு தெரியும், வாரம் ஒரு தடவை கரைசல் தொடற பையனை விட, தினமும் தூளை எடை போடற லேப் அசிஸ்டென்ட்டுக்கும், கர்ப்பமா இருக்கற டீச்சருக்கும்தான் முதல்ல சொல்லணும்.

செத்த மீனும் காஞ்ச மரமும் இருக்கற சின்னத்தைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, H410, தண்ணியில வாழற உயிர்களுக்கு ரொம்ப விஷம், ரொம்ப நாளைக்கு. மிச்சத்தை சிங்க்ல ஊத்தாதீங்க.

சின்னங்களுக்குப் பக்கத்துல ஒரே ஒரு வார்த்தை பெருசா இருக்கும், டேஞ்சர் இல்ல வார்னிங். ரெண்டும் சேந்து வராது, கடுமையானது மட்டும்தான் வரும். பர்மாங்கனேட்டுக்கு டேஞ்சர்.

இப்ப எனக்கு வந்த இன்னொரு போட்டோவைப் பாப்போம், அரை கிலோ பாட்டில். தெரிஞ்சது: வட்டத்து மேல தீ, ஆச்சரியக்குறி, மீன். இடது ஓரத்துல ஒரு சிவப்பு முனை மட்டும் எட்டிப் பாக்குது, ஒரு சின்னம் ஃப்ளாஷ்ல வெளுத்துப்போயிருக்கு. கோடு வரிசையில H272, H302, அப்புறம் நடு இலக்கம் கறையில போன H3-ஏதோ-4, கடைசியில H410. அந்த நடு இலக்கம் என்னவா இருக்கும்? 0-ன்னா H304, முழுங்கினா நுரையீரலுக்குள்ள போயிடற ஆபத்து, அது மெல்லிசா ஓடற திரவத்துக்குத்தான், இது திடப்பொருள், அடிபட்டுப் போச்சு. 3-ன்னா H334, மூச்சு அலர்ஜி, நெஞ்சு நட்சத்திரச் சின்னம் இருக்கணும். 1-ன்னா H314, அரிப்புச் சின்னம் இருக்கணும். வெளுத்துப்போன சின்னம் ரெண்டுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம். கோடு சின்ன நம்பர்ல இருந்து பெரிய நம்பரா வரிசையா எழுதறது வழக்கம், ஆனா H302-க்கும் H410-க்கும் நடுவுல ரெண்டுமே பொருந்துது. பர்மாங்கனேட்டுக்கு H314தான்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் தெரிஞ்சதை வெச்சு லேபிளை நிரப்பறது படிக்கறது ஆகாது, அதனால ஃப்ளாஷ் இல்லாம திருப்பி எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்துச்சு, அரிப்புச் சின்னம், H314. ஓரத்துல எட்டிப் பாத்தது நெஞ்சு நட்சத்திரம், அதுக்கான H361d வளைவுக்குப் பின்னாடி இருந்துச்சு. ரெண்டாவது போட்டோவும் சரியா வரலன்னா அந்தக் கம்பெனியோட சேஃப்டி டேட்டா ஷீட்டை எடுத்து ரெண்டாவது பிரிவைப் பாருங்க, லேபிள்ல இருக்க வேண்டியது எல்லாம் அங்க அப்படியே இருக்கும்.

கம்பெனிக்கு கம்பெனி சின்னங்களோட எண்ணிக்கை மாறும்னு சொன்னேன்ல, பழைய பாட்டில்ல மூணும் புதுப் பாட்டில்ல அஞ்சும் இருந்தா பழசு பாதுகாப்பானதுன்னு நினைக்காதீங்க, உள்ள இருக்கறது ஒரே தூள்தான், நடுவுல கூடுதல் தகவல் வந்து வகைப்படுத்தறது மாறிருக்கு. சின்ன பாட்டில்லயும் கவனம், ஐரோப்பிய விதியில 125 மில்லி வரைக்கும் இருக்கற பாட்டில்ல சில ஆபத்துகளுக்கு H வாக்கியங்களை விட்டுடலாம்னு அனுமதி இருக்கு, அங்க சின்னத்தை மட்டும் பாத்துட்டு மீதியை டேட்டா ஷீட்லதான் தேடணும்.

கடைசியா, அந்தத் தூளைக் கரைச்சு வெச்ச பாட்டில். டைட்ரேஷனுக்கு 0.02 மோலார் கரைசல் பண்ணினா ஒரு லிட்டருக்கு 3.16 கிராம், கிட்டத்தட்ட 0.3 சதவீதம். ஐரோப்பிய விதிப்படி அந்த அளவுல ஆக்சிடைசர் சின்னமும் அரிப்புச் சின்னமும் நெஞ்சு நட்சத்திரமும் பொருந்தாது, தூள் பாட்டில்ல இருந்த அஞ்சையும் அப்படியே காப்பி பண்ணி ஒட்டினா பசங்க ரெண்டு தடவை பயப்படுவாங்க, மூணாவது தடவை எந்த லேபிளையும் பாக்க மாட்டாங்க. காகிள்ஸ் அப்பவும் வேணும், அதே ஃப்ளாஸ்க்குல ஆசிட்டும் ஊத்தறோம்ல. சின்னங்கள் முழுசா பொருந்தற இடம் தூளை எடை போடற மேஜைதான், அங்கதான் கிளவுஸும் காகிள்ஸும் போட்டுக்கிட்டு, ஃபேன் காத்துல தூசி பறக்காம எடுக்கணும். கரைசல் பாட்டில்ல பேரு, 0.02 மோலார், பண்ணின தேதி, பண்ணினவங்க பேரு, இவ்வளவையும் பென்சில்ல எழுதி ஒட்டி மேல டேப் போட்டுடுங்க, பேனா மை அந்தக் கரைசல் பட்டா வெளுத்துப்போக வாய்ப்பு இருக்கு, பென்சில் அப்படியே நிக்கும்.